ஏ.சி. ரிப்பேரான ஸ்பிரிண்ட்

எங்கள் அணிக்குப் புதிதாக ஒருவர் சேரும்போது முதல் வாரத்தில் செய்யச் சொல்லும் வேலைகளில் ஒன்று, பழைய ரெட்ரோ பக்கங்களை வாசிப்பது. இரண்டு வார ஸ்பிரிண்ட் ஒவ்வொன்றும் முடிந்ததும், அது எப்படிப் போனது என்று அணி கூடிப் பேசுவதுதான் ரெட்ரோ. கோடு எப்படி இருக்கிறது என்பதை ரெப்பாசிட்டரியே சொல்லிவிடும், அணி எப்படி இருக்கிறது என்பதை ரெட்ரோ குறிப்புகள்தான் சொல்லும் என்று நான் நம்பினேன். போன வருடம் சேர்ந்த ஒரு பெண்ணிடமும் அப்படித்தான் சொன்னேன். அவர் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து 11 பக்கங்களையும் வாசித்துவிட்டு என் இடத்துக்கு வந்து, கொஞ்சம் தயங்கி, "எல்லாத்தையும் படிச்சிட்டேன். ஒரு சந்தேகம்தான். இதுல எது பழசு, எது புதுசுன்னு தேதியைப் பார்க்காம கண்டுபிடிக்க முடியலையே" என்றார். குறை சொல்லவேண்டும் என்று அவர் வரவில்லை. வரிசை தெரியாமல் ஏதோ தவறாக வாசித்துவிட்டோமோ என்ற பயத்தில்தான் கேட்டார்.

அன்று மாலை வீட்டுக்குக் கிளம்பாமல் நானும் அந்த 11 பக்கங்களையும் திறந்துவைத்தேன். எல்லாவற்றையும் எழுதியது நான்தான். ஒவ்வொரு இரண்டாவது வெள்ளிக்கிழமையும் 4 மணிக்குக் கூடுவோம், 8 பேர், ஒன்றேகால் மணி நேரம். நான் ஸ்க்ரீனைப் பகிர்ந்துகொண்டு மூன்று கட்டங்களில் தட்டச்சு செய்வேன்: நன்றாகப் போனவை, பிரச்சினைகள், அடுத்து முயலப்போவது. ஐந்து மாதமாக இது நடந்துகொண்டிருந்தது. யாரும் மட்டம் போட்டதில்லை, யாரும் வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்ததும் இல்லை. நல்ல ரெட்ரோ நடத்துகிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மூன்றாவது கட்டத்தில் இருந்தவற்றை எண்ணிப் பார்த்தேன். 11 பக்கங்களில் மொத்தம் 34 முடிவுகள். அவற்றில் நடந்தது என்று கையைக் காட்டிச் சொல்லக்கூடியவை 6. பில்ட் உடைந்தால் தகவல் வரும்படி ஒரு சேனல் அமைத்தது, டெஸ்ட் போன்கள் இரண்டு வாங்கியது, இந்த மாதிரி. மீதி 28-ம் "பி.ஆர். ரிவ்யூவைச் சீக்கிரம் முடிக்க வேண்டும்", "டெஸ்டிங்குக்கு முன்கூட்டியே கொடுக்க வேண்டும்", "தகவல் பரிமாற்றத்தை மேம்படுத்த வேண்டும்" என்ற ரகம். 'வேண்டும்' என்று முடியும் வாக்கியத்துக்கு ஆள் கிடையாது, நாள் கிடையாது. எது நடந்தால் அது முடிந்ததாகும் என்பதும் கிடையாது. அடுத்த ரெட்ரோவில் போய் "இது நடந்ததா?" என்று கேட்டாலும் யாராலும் பதில் சொல்ல முடியாது. அதனால்தான் யாரும் கேட்கவும் இல்லை.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது இரண்டாவது கட்டம். அங்கே இருந்த பிரச்சினைகள் ஒவ்வொரு பக்கத்திலும் வேறு வேறாகத் தெரிந்தன. ஒன்றில் "கடைசி இரண்டு நாள் டெஸ்டிங் நெருக்கடி". அடுத்ததில் "மெர்ஜ் கான்ஃப்ளிக்ட் அதிகம்". இன்னொன்றில் "4 ஸ்டோரிகள் அடுத்த ஸ்பிரிண்டுக்குத் தள்ளிப்போயின". வேறொன்றில் "ஒரே நேரத்தில் ஒருவர் மூன்று டிக்கெட்டைத் திறந்துவைத்திருக்கிறார்". நிதானமாக வாசித்தால் இவை எல்லாமே ஒரு பி.ஆர்., அதாவது மெயின் பிராஞ்சில் சேர்க்கச் சொல்லி ஒருவர் அனுப்பும் கோடு மாற்றம், திறக்கப்பட்டு யாரும் பார்க்காமல் கிடப்பதில் போய் முடிகின்றன. ரிவ்யூவுக்குக் காத்திருப்பவர் சும்மா இருக்க மாட்டார், அடுத்த டிக்கெட்டை எடுப்பார். முதல் பி.ஆர். இரண்டு நாள் கழித்து மெர்ஜ் ஆகும்போது அடியில் மெயின் பிராஞ்ச் நகர்ந்திருக்கும், கான்ஃப்ளிக்ட் வரும். அதைத் தீர்த்து, மெர்ஜ் செய்து, டெஸ்டிங்குக்குப் போகும்போது ஸ்பிரிண்டின் எட்டாவது நாள். 11 பக்கங்களில் 7 பக்கங்களில் இந்த ஒரே விஷயம் வெவ்வேறு பெயரில் உட்கார்ந்திருந்தது. அந்த வாரம் வலித்த இடத்தை அந்த வாரம் எழுதியிருக்கிறேன். போன பக்கத்தைத் திறந்துவைத்துக்கொண்டு எழுதியிருந்தால் இரண்டாவது மாதத்திலேயே தெரிந்திருக்கும்.

நன்றாகப் போனவை என்ற கட்டம்

அடுத்த வெள்ளிக்கிழமை புதிய பக்கம் எதையும் திறக்கவில்லை. பழைய 11 பக்கங்களையும் ஒரே ஸ்க்ரீனில் பக்கம் பக்கமாக வைத்துக் காட்டினேன். இரண்டு பேர் வீட்டிலிருந்து, ஒருவர் கோயம்புத்தூரிலிருந்து ஆன்லைன் காலில் இருந்தார்கள். மீதிப் பேர் ஓ.எம்.ஆர். ஆபீஸின் சிறிய கான்ஃபரன்ஸ் அறையில். ரிவ்யூ தாமதம்தான் வேர் என்று நான் நினைப்பதைச் சொன்னேன். எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். உடனே "சரி, இனிமே சீக்கிரம் ரிவ்யூ பண்ணுவோம்" என்று ஒருவர் சொன்னார். அந்த வாக்கியத்தை எட்டாவது முறையாகத் தட்டச்சு செய்ய எனக்குக் கை வரவில்லை. கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

அப்போது எங்கள் டெஸ்டர்களில் மூத்தவர் ஸ்க்ரீனில் ஒரு வரியைக் காட்டினார். ரெட்ரோவில் அதிகம் பேசாதவர் அவர். ஆனால் சொன்னால் அதில் விஷயம் இருக்கும். அவர் காட்டியது பிரச்சினைகள் கட்டத்தில் இல்லை, நான்காவது ஸ்பிரிண்டின் 'நன்றாகப் போனவை' கட்டத்தில். "பார்கோட் ஸ்கேனர் வேலை சீக்கிரம் முடிந்தது" என்று அங்கே எழுதியிருந்தேன். அதற்குக் கீழே "டீம் ஒற்றுமை". அதோடு சரி.

"இது ஏன் சீக்கிரம் முடிஞ்சுதுன்னு ஞாபகம் இருக்கா?" என்றார். யாருக்கும் இல்லை. "அந்த வாரம்தான் அந்தப் பக்கத்து ஏ.சி. ரிப்பேர். எல்லாரையும் நம்ம வரிசைக்கு மாத்தினாங்க. ஸ்கேனர் வேலை பாத்த ரெண்டு பேரும் பக்கத்துப் பக்கத்துல உக்காந்திருந்தாங்க. ஒருத்தர் பி.ஆர். போட்ட உடனே தோளைத் தட்டி 'இதைப் பாத்துடு'ன்னு சொல்லுவார். எனக்கு அந்த ஸ்பிரிண்ட்ல மூணாவது நாளே முதல் பில்ட் வந்துடுச்சு. வேற எந்த ஸ்பிரிண்ட்லயும் அப்படி வந்ததில்ல. ஏ.சி. சரியானதும் அவங்க திரும்பப் போயிட்டாங்க, பழையபடி ஆயிடுச்சு."

அறையில் அந்த இரண்டு பேருமே இருந்தார்கள். ஒருவர் ஆமாம் என்று தலையாட்டினார். மற்றவர், "பக்கத்துல உக்காந்திருந்தா 'அப்புறம் பாக்கறேன்'னு சொல்ல ஒரு மாதிரி இருக்கும்ல" என்றார்.

எங்களுக்கு வேண்டிய பதில் மூன்றரை மாதத்துக்கு முன்பே எங்கள் பக்கத்தில் இருந்திருக்கிறது. 'ஏன்' என்ற ஒரு வாக்கியத்தை நான் எழுதாததால் அது கண்ணில் படவில்லை. ரெட்ரோவில் முதல் கட்டத்தை மனம் குளிர்விக்க எழுதும் கட்டமாகவே நான் நடத்தியிருக்கிறேன். யாரையாவது பாராட்டிவிட்டு, முகங்கள் மலர்ந்ததும், "சரி, இப்போ பிரச்சினைக்கு வருவோம்" என்று நகர்ந்துவிடுவேன். மற்ற பக்கங்களிலும் அங்கே எழுதியிருந்தவை "டீம் ஒற்றுமை", "டெமோ நன்றாகப் போனது", "கிளையன்ட் மகிழ்ச்சி". எதற்குமே சூழ்நிலை இல்லை. அந்த ஸ்பிரிண்டில் வழக்கத்துக்கு மாறாக என்ன இருந்தது, யார் எங்கே இருந்தார்கள், எதைச் செய்யாமல் விட்டோம் என்ற எதுவும் இல்லை. ஒன்று நன்றாக நடந்ததற்கு ஏதோ ஒரு காரணம் இருந்திருக்கும். அதைப் பிடித்து எழுதினால்தான் வேண்டுமென்றே திரும்பச் செய்ய முடியும். ஏ.சி.யை ஒவ்வொரு வாரமும் ரிப்பேராக்க முடியாது. அது உண்டாக்கிய சூழ்நிலையை உண்டாக்க முடியும்.

இப்போது அந்தக் கட்டத்தில் ஒரு வரி எழுதினால் அதன் கீழே "அப்போது என்ன வித்தியாசமாக இருந்தது" என்று இன்னொரு வரி எழுதிய பிறகுதான் அடுத்ததற்குப் போகிறோம். பல சமயம் "தெரியவில்லை" என்றுதான் வருகிறது. அதையும் அப்படியே எழுதுகிறோம்.

முதலில் அளந்தோம்

அன்றே ஒரு முடிவை எழுதியிருக்கலாம். ஆனால் "ரிவ்யூ தாமதம்" என்று நாங்கள் சொல்வது எவ்வளவு தாமதம் என்று ஒருவருக்கும் தெரியாது. ஒருவர் அரை நாள் என்றார், ஒருவர் மூன்று நாள் என்றார். அதனால் முடிவெடுப்பதைத் திங்கட்கிழமைக்குத் தள்ளிவைத்தோம். அதற்குள் முடிந்துபோன ஸ்பிரிண்டின் கணக்கை எடுத்து வருவதாகச் சொன்னேன். கிட்ஹப்பின் கமாண்ட் லைன் கருவியில் இது பெரிய வேலை இல்லை:

```
gh pr list --state merged --limit 40 \
  --json number,createdAt,reviews \
  --jq '.[] | [.number, .createdAt, (.reviews[0].submittedAt // "-")] | @tsv'
```

ஒவ்வொரு பி.ஆரும் திறக்கப்பட்ட நேரம், முதல் ரிவ்யூ வந்த நேரம் இரண்டையும் இது தரும். நேரம் யு.டி.சி.யில் வரும், ஐந்தரை மணி நேரம் கூட்டிக்கொள்ள வேண்டும். இதில் இன்னொரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பி.ஆர். போட்டவரே தன் வரிகளில் ஏதாவது குறிப்பு எழுதினால் அதுவும் ரிவ்யூ என்ற கணக்கில் சேரும். எங்கள் அணியில் ஒருவர் தன் பி.ஆரில் தானே விளக்கம் எழுதும் நல்ல பழக்கம் உள்ளவர். அவருடைய பி.ஆர்.களுக்கு எல்லாம் 2 நிமிடத்தில் ரிவ்யூ கிடைத்ததாகக் காட்டியது. அவற்றைக் கையால் திருத்தினேன்.

அடுத்து, இரவையும் சனி, ஞாயிறையும் கழிக்க வேண்டும். வெள்ளி மாலை 6 மணிக்குத் திறந்து திங்கள் காலை 10 மணிக்குப் பார்க்கப்பட்ட பி.ஆர். 64 மணி நேரம் காத்திருந்ததாகக் கணக்குக் காட்டினால் யாரும் அந்த எண்ணை மதிக்க மாட்டார்கள். காலை 10 முதல் மாலை 7 வரை, நாளுக்கு 9 மணி நேரம் என்று வைத்துக்கொண்டேன். அந்தக் கணக்கில் அந்தப் பி.ஆர். காத்திருந்தது 1 மணி நேரம்தான். மொத்தம் 23 பி.ஆர்.கள் இருந்தன. காத்திருந்த நேரத்தைச் சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கி நடுவில் இருப்பதை எடுத்தால் 11 மணி நேரம். அதாவது பாதிக்குப் பாதி பி.ஆர்.கள் ஒரு முழு வேலை நாளுக்கு மேல் சும்மா கிடந்திருக்கின்றன. மிக மோசமானது 38 மணி நேரம், நான்கு நாளுக்கு மேல். சராசரியைப் போட்டிருந்தால் இந்த ஒன்றிரண்டு மோசமானவை அதை மேலே இழுத்துவிடும், அதனால்தான் நடுவில் உள்ளதை எடுத்தேன்.

யாருடைய பி.ஆர். எவ்வளவு நேரம் கிடந்தது, யார் ரிவ்யூ செய்யத் தாமதித்தார் என்ற பட்டியலும் அந்த வெளியீட்டிலிருந்து எடுக்க முடியும். நான் எடுக்கவில்லை. எங்கள் ரெட்ரோ பக்கங்களை வாசிக்கும் உரிமை மேலாளருக்கும் உண்டு. ஒருமுறை ஆள்வாரியாக ஒரு எண் அந்தப் பக்கத்தில் ஏறிவிட்டால் அது அப்ரைசல் வரை போகும். அதன்பிறகு யாரும் உண்மையான பிரச்சினை ஒன்றைக்கூட வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். இதை அவரிடமே நேராகப் போய்ச் சொன்னேன். அணிக்கு ஒரு எண் மட்டும்தான் இருக்கும், பிரச்சினையை யார் சொன்னார்கள் என்பது பக்கத்தில் இருக்காது என்று கேட்டுக்கொண்டேன். அவர் ஒத்துக்கொண்டார்.

எழுதிவைத்த சோதனை

திங்கட்கிழமை அரை மணி நேரம் கூடி, மூன்றாவது கட்டத்தில் ஒரே ஒரு பதிவு எழுதினோம். மூன்று நான்கு எழுதினால் எது வேலை செய்தது என்று பிரித்துச் சொல்ல முடியாது என்பதால் ஒன்றோடு நிறுத்தினோம். அது இப்படி இருந்தது:

> நாங்கள் நினைப்பது: ரிவ்யூவுக்கு என்று தனி நேரம் இல்லாததால்தான் பி.ஆர்.கள் கிடக்கின்றன. எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்தால் காத்திருப்பு குறையும்.
>
> செய்யப்போவது: தினமும் ஸ்டாண்டப் முடிந்து 11.15 முதல் 12 வரை டெவலப்பர்கள் ஐவரும் ரிவ்யூ மட்டும் செய்வார்கள். தன் கோடைத் தொடக்கூடாது. கால் திறந்தே இருக்கும்.
>
> வேலை செய்தால் தெரிவது: முதல் ரிவ்யூவுக்கான காத்திருப்பு 11 மணி நேரத்திலிருந்து 5 மணி நேரத்துக்குள் வரும்.
>
> கெட்டுப்போனால் தெரிவது: டெஸ்டிங்கிலிருந்து திரும்பி வரும் பக் எண்ணிக்கை இப்போதைய 6-ஐ விடக் கூடும்.
>
> திரும்பிப் பார்ப்பது: இந்த ஸ்பிரிண்டின் ரெட்ரோ. கணக்கு எடுப்பவர்: நான்.

நான்காவது வரியைச் சேர்க்கச் சொன்னவரும் அந்த மூத்த டெஸ்டர்தான். "வேகம் வேணும்னு சொன்னா வேகம் வரும். கூட என்ன வரும்னும் எழுதி வைங்க" என்றார். அந்த நேரத்தில் எனக்கு அது தேவையில்லாத எச்சரிக்கையாகத்தான் பட்டது.

இந்தப் பதிவை ரெட்ரோ பக்கத்தில் மட்டும் விடாமல் ஜிராவில் ஒரு டிக்கெட்டாகவும் போட்டு, ஸ்பிரிண்ட் பேக்லாகில் மற்ற ஸ்டோரிகளோடு சேர்த்தோம். இது எங்கள் கண்டுபிடிப்பு இல்லை. ஸ்க்ரம் வழிகாட்டியின் 2017 பதிப்பு, போன ரெட்ரோவில் கண்ட முக்கியமான மேம்பாடு ஒன்றாவது ஸ்பிரிண்ட் பேக்லாகில் இருக்கும் என்று சொன்னது. 2020 பதிப்பில் அது 'சேர்க்கவும் செய்யலாம்' என்ற அளவுக்குத் தளர்ந்துவிட்டது. எங்களைப் போன்ற அணிக்குப் பழைய வாசகம்தான் சரி என்பது என் அனுபவம். போர்டில் இல்லாத வேலை இரண்டாவது நாளே மறந்துபோகிறது. ஸ்டாண்டப்பில் தினமும் கண்ணில் பட்டால்தான் "நேத்து 11.15-க்கு மூணு பேர்தான் வந்தோம்" என்று யாராவது சொல்வார்கள்.

இரண்டு வாரம் கழித்துக் கணக்கு எடுத்தேன். 27 பி.ஆர்.கள். காத்திருப்பு 4 மணி நேரம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் மாலையில்தான் பி.ஆர். போடுவார்கள். நாலரைக்குப் போட்டது மறுநாள் 11.15-க்குப் பார்க்கப்பட்டால் எங்கள் கணக்கில் நாலு மணிக்குக் கொஞ்சம் குறைவு. அதனால் எண் நம்பும்படியாகவே இருந்தது. முதல் பில்ட் டெஸ்டிங்குக்கு நான்காவது நாள் போனது. அந்த வெள்ளிக்கிழமை எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்கப் பார்க்கவில்லை.

பிறகு நான்காவது வரிக்கு வந்தோம். டெஸ்டிங்கிலிருந்து திரும்பி வந்த பக்குகள் 11.

அறை கொஞ்சம் இறுகியது. ஒருவர், இந்த ஸ்பிரிண்டில் சரக்கு வரவுப் பகுதி முழுக்கப் புதிது, அதனால் பக் கூடத்தான் செய்யும் என்றார். அது நியாயமான பேச்சு. ஒரு ஸ்பிரிண்டை வைத்து, 6-க்கும் 11-க்கும் நடுவே உள்ள 5-ஐ வைத்து, இதனால்தான் அது என்று அடித்துச் சொல்ல முடியாது. ஆனால் பக்குகள் வந்த பி.ஆர்.களை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க முடியும். பார்த்தோம். 11-இல் 7 பக்குகள் வெறும் 3 பி.ஆர்.களிலிருந்து வந்தவை. மூன்றுமே 600 வரிக்கு மேல். மூன்றிலும் ரிவ்யூ என்ற பெயரில் இருந்தது, 'பார்த்தேன், சரியாக இருக்கிறது' என்பதற்குப் போடும் `LGTM` என்ற நான்கு எழுத்து. ஒன்று 12 மணிக்கு 3 நிமிடம் இருக்கும்போது ஒப்புதல் ஆகியிருந்தது. 45 நிமிடத்துக்குள் கையில் இருப்பதை முடித்துவிட வேண்டும் என்று அதைப் பார்த்தவர் நினைத்திருக்கிறார். அந்த அவசரத்தை உண்டாக்கியது நாங்கள் எழுதிய சோதனைதான்.

நான்காவது வரி இல்லாமல் இருந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்க்கிறேன். 11-லிருந்து 4 என்று முதல் கட்டத்தில் எழுதிக் கைதட்டியிருப்போம். இரண்டு ஸ்பிரிண்ட் கழித்து "பக் அதிகம்" என்று இரண்டாவது கட்டத்தில் ஒரு வரி வந்திருக்கும், தனிப் பிரச்சினையாக. இரண்டுக்கும் உள்ள தொடர்பு யாருக்கும் தெரிந்திருக்காது. அந்தப் பழைய 11 பக்கங்கள் உருவானதே இப்படித்தான்.

இரண்டாவது முயற்சி

அந்த ரெட்ரோவில் ரிவ்யூ நேரத்தை எடுத்துவிடலாமா என்ற பேச்சு வந்தது. இல்லை, அதை அப்படியே வைத்துக்கொண்டு பெரிய பி.ஆர்.களை மட்டும் தனியாகக் கவனிப்போம் என்று முடிவானது. 300 வரிக்கு மேல் போகும் பி.ஆருக்கு எழுத்தில் மட்டும் ரிவ்யூ கிடையாது. போட்டவர் ரிவ்யூ செய்பவரோடு காலில் உட்கார்ந்து, என்ன மாற்றினேன், ஏன் என்று தொடக்கத்திலிருந்து சொல்ல வேண்டும். 300 என்ற எண் எங்கிருந்தும் எடுத்ததல்ல. முந்தைய ஸ்பிரிண்டின் பி.ஆர்.களை அடுக்கிப் பார்த்தபோது நடுவில் இருந்தது 340 வரி, அதற்குச் சற்றுக் கீழே ஒரு கோடு போட்டோம். தானாக உருவாகும் கோப்புகளும் லாக் கோப்புகளும் அந்தக் கணக்கில் வராது என்பதை மட்டும் இரண்டாம் நாளே சேர்க்க வேண்டியிருந்தது. ஒரு சின்ன லைப்ரரியை மாற்றிய பி.ஆர். 2,000 வரி என்று காட்டியதால் அது தெரியவந்தது.

நாங்கள் எதிர்பார்த்தது, பெரிய பி.ஆர்.கள் நிதானமாகப் பார்க்கப்படும் என்று. நடந்தது, பெரிய பி.ஆர்.களே வராமல் போனது. அரை மணி நேரம் உட்கார்ந்து விளக்குவதை விட வேலையை இரண்டாகப் பிரித்துப் போடுவது எளிது என்று எல்லோரும் அவரவராகவே கண்டுகொண்டார்கள். அந்த ஸ்பிரிண்டில் 36 பி.ஆர்.கள் வந்தன, நடுவில் உள்ளதன் அளவு ஏறக்குறைய 150 வரி. காலில் உட்கார்ந்து விளக்க வேண்டியிருந்தது நான்குதான். காத்திருப்பு 4 மணி நேரத்துக்குப் பக்கத்திலேயே நின்றது, திரும்பிய பக்குகள் 7. அடுத்து வந்த ஸ்பிரிண்டில் பொங்கல் விடுமுறை போக 7 வேலை நாள்தான் இருந்தது. அதன் எண்களை இவற்றோடு சேர்த்து ஒப்பிட முடியாது என்று பக்கத்திலேயே குறித்துவிட்டோம். அதற்கடுத்த இரண்டு ஸ்பிரிண்டிலும் நிலைமை மாறாததால் இரண்டையும் அணியின் வழக்கமாக ஏற்றுக்கொண்டு, சோதனைப் பட்டியலிலிருந்து எடுத்தோம்.

இந்த இடத்தில் கைவிட்ட சோதனைகளைப் பற்றியும் சொல்ல வேண்டும். புதன்கிழமை மீட்டிங்கே வேண்டாம் என்று ஒன்று முயன்றோம். வேலை செய்தால் தெரிவது என்ற வரியில் "புதன்கிழமை தொடர்ந்து 3 மணி நேரம் இடையூறில்லாமல் கிடைத்ததா என்று ஐவரும் ஆம், இல்லை சொல்வது" என்று எழுதியிருந்தோம். இரண்டு புதன்கிழமையிலும் ஐவரில் நால்வர் இல்லை என்றார்கள். எங்கள் கிளையன்ட்டின் வாராந்திர கால் புதன்கிழமைதான், அவர்கள் நேரத்துக்கு ஏற்பத்தான் அதை வைக்க முடியும். கைவிட்டோம். ஆனால் அந்தப் பதிவை அழிக்கவில்லை. "கைவிட்டது" என்று போட்டு, காரணத்தை இரண்டு வரியில் எழுதி வைத்தோம். மூன்று மாதம் கழித்து வேறொருவர் உற்சாகமாக அதே யோசனையைக் கொண்டுவந்தார். பழைய பதிவைத் திறந்து காட்டியதும் அவரே, "அப்போ வியாழக்கிழமை வெச்சா?" என்றார். அது இப்போது நடந்துகொண்டிருக்கிறது. தோற்றதை எழுதாத அணி அதே யோசனையைத் திரும்பத் திரும்ப முதல் முறை போலவே முயலும். முன்பு நாங்கள் நடந்ததையும் எழுதவில்லை, நடக்காததையும் எழுதவில்லை.

எல்லாமே இந்த அச்சில் அடங்கிவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. டெஸ்ட் போன் வாங்க வேண்டும் என்றால் அது ஒரு வேலை. அதற்கு 'நாங்கள் நினைப்பது' என்று எழுதுவது வீண். டிக்கெட் போட்டு வாங்கிவிட்டால் முடிந்தது. என்ன விளைவு வரும் என்று நிச்சயமில்லாதபோதுதான் இந்த ஐந்து வரிகள் தேவைப்படுகின்றன. அதேபோல் சிலவற்றை எண்ணிக்கையில் பிடிக்கவே முடியாது. கோயம்புத்தூரில் இருப்பவர் ஒருமுறை, "ஆபீஸ்ல சிரிக்கறது கால்ல கேக்குது, எதுக்குன்னு எனக்குத் தெரியறதில்ல" என்றார். அதை அப்படியே, அவர் அனுமதியோடு, அவர் சொன்ன வார்த்தையிலேயே பிரச்சினைகள் கட்டத்தில் எழுதினேன். "தகவல் பரிமாற்றம்" என்று சுருக்கியிருந்தால் அதில் இருந்தது எதுவும் மிஞ்சியிருக்காது. அதற்காக நாங்கள் முயல்வது, ஆபீஸில் இருப்பவர்களும் ரெட்ரோவுக்கு அவரவர் மேசையிலிருந்தே காலில் சேர்வது. எது நடந்தால் அது வேலை செய்ததாகும் என்ற வரியில், "அவரிடம் கேட்பது" என்று எழுதியிருக்கிறோம். கேட்டோம். கொஞ்சம் பரவாயில்லை என்றார்.

ரெட்ரோ தொடங்கும் முறையும் இதனால் மாறிவிட்டது. முதல் பத்து நிமிடம் போன பக்கம்தான் திறந்திருக்கும். சோதனையின் ஒவ்வொரு வரியையும் வாசித்து, எண்ணைப் பக்கத்தில் போட்டு, வைத்துக்கொள்வதா, மாற்றுவதா, விடுவதா என்று சொன்ன பிறகுதான் புதிய பக்கத்தைத் திறக்கிறோம். பிரச்சினை ஒன்றை எழுதும்போது முன்பு எந்தப் பக்கத்தில் இது வந்தது என்று தேடிப் பார்த்து, வந்திருந்தால் அதே பெயரிலேயே எழுதுகிறோம். தட்டச்சு செய்வது இப்போது நான் மட்டும் இல்லை, முறை வைத்து மாறி மாறி எழுதுகிறோம். என் கண்ணுக்குத் தெரியாதது இன்னொருவர் கண்ணுக்குத் தெரிகிறது.

இந்த வாரம் எழுத வேண்டிய முறை, எது பழசு, எது புதுசு என்று கேட்ட அந்தப் பெண்ணுடையது. போன முறை வந்த பிரச்சினை, டெஸ்ட் சர்வர் அடிக்கடி படுத்துவிடுகிறது என்பது. எல்லோரும் தலையாட்டினோம். ஆனால் அது வாரத்தில் எத்தனை மணி நேரம் படுத்துக் கிடக்கிறது என்று யாரிடமும் கணக்கு இல்லை, எதை வைத்து எடுப்பது என்பதிலும் ஒத்துப்போகவில்லை. நேரமும் முடிந்துவிட்டது. அதனால் 'நாங்கள் நினைப்பது', 'செய்யப்போவது' என்ற இரண்டு வரிகளை மட்டும் நிரப்பிவிட்டு மூன்றாவதைக் காலியாக விட்டோம். அவர் அந்தக் காலி இடத்தில் மஞ்சள் நிறம் பூசி வைத்திருக்கிறார். வெள்ளிக்கிழமை 4 மணிக்கு அங்கிருந்துதான் தொடங்கப்போகிறோம்.